இடது கண்ணில் கொட்டிய கரும்புள்ளிகள்

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. பள்ளிக்கூட நாளிலிருந்து கிட்டப்பார்வைக் கண்ணாடி. இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறுக்குப் பக்கத்தில் பவர். வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்த்தால் நூல் மாதிரி ஒன்றிரண்டு மிதப்பது முப்பது வயதிலேயே பழகிவிட்டது. அதனால்தான் புதிதாக ஒன்று வந்தபோது அதைப் புதிது என்று எடுத்துக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது.

ஒரு புதன்கிழமை இரவு. விளக்கை அணைத்துவிட்டுக் கூடத்தைக் கடந்து போகிறேன். இடது ஓரத்தில், காதுக்குப் பக்கம் என்று சொல்லும் அளவுக்குத் தள்ளி, வெள்ளையாக ஒரு கீற்று பளிச்சென்று வளைந்து மறைந்தது. மேசையில் இருந்த போன் மின்னியதோ என்று திரும்பிப் பார்த்தேன். திரும்பியதும் மறுபடி அதே கீற்று. போன் இருட்டாகத்தான் இருந்தது. படுத்துக்கொண்டு கண்ணை மூடி, மூடிய இமைக்குள் கண்ணை இடமும் வலமும் உருட்டினேன். அப்போதும் மின்னியது. வெளியிலிருந்து வரும் வெளிச்சமில்லை, கண்ணே உண்டாக்குவது என்று தெரிந்தது. வலி கொஞ்சமும் இல்லை. தூக்கம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டு தூங்கிப்போனேன்.

மறுநாள் காலையில் படிக்கும்போது பக்கத்தின் குறுக்கே ஒரு வளையம் நீந்தியது. முழு வட்டமில்லை, ஓரிடத்தில் அறுந்த வளையம். கொசு என்று நினைத்துக் கையால் இரண்டு முறை விரட்டினேன். சாயங்காலம் கண்ணாடிக் கடைக்குப் போனேன். நான் செய்த தவறு இதுதான். அங்கே எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டேன். பவர் மாறவில்லை, பூச்சி பறக்கிற மாதிரி தெரிவதெல்லாம் வயதானால் எல்லோருக்கும் வருவதுதான் என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் எழுத்துப் பலகை விழித்திரையின் நடுப்பகுதியை மட்டும்தான் சோதிக்கிறது. என் பிரச்சினை இருந்தது ஓரத்தில். ஓரம் கிழிந்திருந்தாலும் நடு நன்றாக இருக்கும்வரை கடைசி வரியைப் படித்துவிடலாம். இது எனக்கு அப்போது தெரியாது.

சனிக்கிழமை காலை குனிந்து முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தேன். தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால் இழை இழையாகப் பிரியுமே, அப்படி இடது கண்ணில் கறுப்பாக ஒன்று பிரிந்து மேலே ஏறியது. அரை நிமிடத்தில் அது உடைந்து புள்ளிகளானது. எண்ண முடியவில்லை. மிளகுத் தூளைக் கண்ணுக்குள் தூவியது போல இருந்தது. கண்ணை அசைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்து, நிறுத்தினால் மெதுவாக வந்து நின்றன. வலது கண்ணை மூடிப் பார்த்தேன்: இருக்கிறது. இடது கண்ணை மூடினேன்: இல்லை. சரி, இந்த ஒரு கண்ணில்தான்.

மகள் கண் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். "அப்பாவுக்குக் கண்ல பூச்சி பறக்குதாம்" என்றதும் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். நான் போனை வாங்கி, "மூணு நாளா ஓரத்துல மின்னுது, இன்னைக்குக் காலைல திடீர்னு ஒரே கண்ல நூத்துக்கணக்குல கரும்புள்ளி கொட்டிருச்சு, கிட்டப்பார்வை ஆறு பவர்" என்றேன். அந்தப் பக்கம் குரலே மாறிவிட்டது. "திரை மாதிரி நிழல் ஏதாவது மறைக்குதா? பார்வை மங்குதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். உடனே கிளம்பி வாங்க, நீங்க வண்டி ஓட்டாதீங்க என்றார்கள். ஒரே விஷயம்தான், ஆனால் "திடீரென்று", "ஒரே கண்ணில்", "வெளிச்சம்" என்ற சொற்கள் இருந்தால் வரிசை மாறிவிடுகிறது.

அங்கே முதலில் பார்வையையும் கண் அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டார்கள். பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை. முக்கால் மணி நேரத்தில் பக்கத்தில் இருப்பதெல்லாம் மங்கி, ஜன்னல் வெளிச்சம் கூச ஆரம்பித்தது. இந்தச் சொட்டு போடாமல் விழித்திரையின் ஓரத்தை ஒழுங்காகப் பார்க்க முடியாது. கண்ணாடிக் கடையில் நடக்காதது இதுதான்.

டாக்டர் என் தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, மெல்லிய பட்டை வெளிச்சத்தை உள்ளே விட்டுப் பார்த்தார். லென்ஸுக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் தூள் மிதக்கிறது என்றார். பிறகு படுக்க வைத்து, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனி அளவு உலோகக் குமிழ் ஒன்றால் இமைக்கு மேலே அழுத்தினார். மேலே பாருங்க, இடது மேலே, இடது, இடது கீழே என்று சுற்றி வந்தார். அழுத்துவது சுகமாக இல்லை. ஆனால் மறைந்திருக்கும் ஓரத்தை வெளியிலிருந்து உள்ளே தள்ளினால்தான் அது கண்ணில் படும். இடது மேல் பக்கம் வந்ததும் கை நின்றது. திரும்பத் திரும்ப அங்கேயே பார்த்தார்.

"இருக்கு. ஒன்றரை மணி திசையில, குதிரை லாடம் மாதிரி ஒரு கிழிசல். நல்லவேளை, அடியில இன்னும் தண்ணி இறங்கல."

எழுந்து உட்கார்ந்த பிறகு ஒரு தாளில் வட்டம் போட்டு விளக்கினார். கண்ணுக்குள் நிறைந்திருப்பது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஒரு கூழ். பெரும்பகுதி தண்ணீர், மீதி மிக மெல்லிய நார்கள். வயதாக ஆக அந்தக் கூழ் நீர்த்துச் சுருங்கி, ஒரு கட்டத்தில் பின்னால் இருக்கும் விழித்திரையை விட்டு உரிந்து வருகிறது. கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும். உரியும்போது இன்னும் ஒட்டியிருக்கும் இடங்களை இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. எது தொட்டாலும் இழுத்தாலும் வெளிச்சம் என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். புதன்கிழமைக் கீற்று அந்த இழுப்பு. வியாழக்கிழமை வளையம், பார்வை நரம்பைச் சுற்றி ஒட்டியிருந்த கூழ் விடுபட்டு மிதந்தது. இதுவரை பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான், கெடுதல் இல்லை. ஆனால் இழுக்கும் இடத்தில் ஒட்டு பலமாகவும் திரை மெல்லியதாகவும் இருந்தால் திரையே கிழிந்துவிடும். கிழியும்போது சிறு ரத்தக்குழாய் அறுந்தால் ரத்தம், அடியில் இருக்கும் நிறமி சிதறினால் அந்தப் பழுப்புத் தூள். எனக்கு இரண்டும்.

புள்ளிகள் மேலே ஏறியது ஏன் என்று கேட்டேன். ரத்தம் உள்ளே கீழேதான் இறங்கியது, விழித்திரையில் படம் தலைகீழாக விழுவதால் உங்களுக்கு ஏறுவது போலத் தெரிந்தது என்றார். அதே கணக்கில், என் கிழிசல் மேலே இருப்பதால் நிழல் வந்திருந்தால் கீழிருந்து, மூக்குப் பக்கமாக எழும்பியிருக்கும்.

இப்படித் திடீரென்று வருபவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குக் கிழிசல் இருக்கும், ரத்தமும் சேர்ந்திருந்தால் பாதிக்கு மேல் என்றார். மீதிப் பேரை "ஒன்றுமில்லை" என்று அனுப்புவார்கள்தான். ஆனால் அதைச் சொட்டு போட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். எந்த மின்னல் எந்த வகை என்று வெளியிலிருந்து அவருக்கே தெரியாதாம். (என் தங்கைக்கு ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் மின்னும். அது வேறு: இரண்டு கண்ணிலும் தெரியும், கோணல்மாணலாக வளர்ந்துகொண்டே போய் இருபது முப்பது நிமிடத்தில் அடங்கும். என்னுடையது ஒரு நொடி, ஓரத்தில், கண்ணை அசைத்தால் மட்டும்.)

அவசரம் ஏன் என்பதற்கு அவர் சொன்ன உவமை எனக்குப் பிடித்திருந்தது. பலகையில் ஒட்டிய மைக்காவில் ஒரு கீறல் விழுந்தால் மைக்கா அன்றைக்கே கழன்றுவிடாது. கீறல் வழியாகத் தண்ணீர் இறங்க இறங்கத்தான் உப்பிக் கிளம்பும். நீர்த்த கூழ்தான் அந்தத் தண்ணீர். இறங்குவதற்குள் கீறலைச் சுற்றி ஒட்டிவிட்டால் லேசரோடு முடிந்தது. இறங்கித் திரை கிளம்பிவிட்டால் அறுவை சிகிச்சை, பலருக்குக் கண்ணுக்குள் வாயு நிரப்பி நாள்கணக்கில் தலையை ஒரே நிலையில் வைத்திருக்க வேண்டும். நடுப்பகுதியும் கிளம்பிவிட்டால் பழைய பார்வை முழுதாகத் திரும்புவது கஷ்டம். இந்த இடைவெளி சிலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மணிக்கணக்கு. யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

லேசர் அன்றைக்கே. மரத்துப்போகச் சொட்டு விட்டு, கண் மேல் ஒரு தடித்த லென்ஸை ஒட்டவைத்தார். உட்கார்ந்தபடியே, தாடையைக் கருவியில் வைத்துக்கொண்டுதான். பச்சை வெளிச்சம் டப் டப் என்று விழுந்தது. கிழிசலைச் சுற்றி மூன்று வரிசை. பெரும்பாலும் ஒன்றும் தெரியவில்லை. ஓரத்துக்குப் போனபோது மட்டும் கண்ணுக்குப் பின்னால் ஊசி குத்தியது போல நாலைந்து முறை. கால் மணி நேரம் ஆகியிருக்கும். முடிந்ததும் அந்தக் கண்ணில் எல்லாம் இருண்டு ஊதாவாகத் தெரிந்தது, பயந்துவிட்டேன். சிறிது நேரத்தில் தெளிந்தது.

நான் நினைத்தது மாதிரி லேசர் புள்ளிகளை அகற்றுவதில்லை. அது கிழிசலையும் மூடுவதில்லை. சுற்றிலும் சூடு வைத்துத் தழும்பு உண்டாக்கித் திரையைச் சுவரோடு ஒட்டவைக்கிறது. அந்தத் தழும்பு உறுதியாக இரண்டு வாரம் போல ஆகும். அதுவரை பாரம் தூக்காதீர்கள், திடீர் அசைவுகள் வேண்டாம் என்றார். நிழல் வந்தாலோ புள்ளிகள் மறுபடி கொட்டினாலோ நேரம் பார்க்காமல் வரவேண்டும். ஒரு வாரத்தில் ஒரு சோதனை, ஆறாவது வாரம் இன்னொன்று. கூழ் முழுதாக உரிந்து முடியும்வரை வேறு இடத்தில் புதுக் கிழிசல் வரலாம் என்பதால்தான் இரண்டாவது சோதனை.

மூன்றாவது வாரம் ஓர் இரவு மறுபடி மின்னி, நாலைந்து புதுப் புள்ளிகள் வந்தன. அடுத்த நாள் காலையிலேயே போனேன். முக்கால் மணி நேரச் சொட்டு, அதே அழுத்தல். புதிதாக ஒன்றுமில்லை, பழைய ரத்தம்தான் கலைந்திருக்கிறது என்றார். வீண் அலைச்சலா என்று கேட்டேன். "இதே மாதிரிதான் வரணும்" என்றார்.

ஆறாவது வாரத்தில் தழும்பு கறுத்து நன்றாகப் பிடித்திருந்தது. மின்னல் இரண்டு மாதத்துக்குள் நின்றது. மிளகுத் தூளும் பெரும்பாலும் கரைந்துபோனது. அறுந்த வளையம் மட்டும் இருக்கிறது; படிக்கும்போது வந்து போகும். வலது கண்ணில் கூழ் இன்னும் உரியவில்லையாம். ஒரு கண்ணில் உரிந்தவர்களுக்கு இன்னொன்றிலும் சில ஆண்டுகளுக்குள் உரிவது வழக்கம் என்பதால், காலையில் பல் துலக்கும்போது ஒரு கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்க்கிறேன். அங்கே இப்போதைக்கு அந்தப் பழைய நூல் இரண்டுதான்.