53 வயதில் பீன்யாவில் வேலை தேடிய அனுபவம்

நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெங்களூரு பீன்யா தொழிற்சாலையை ஹோசூர் பக்கம் மாற்றினார்கள். வீடு ஜாலஹள்ளியில், அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. தினமும் அவ்வளவு தூரம் போய்வர முடியாது என்று விலகிவிட்டேன். அப்போது எனக்கு வயது 53, அனுபவம் 28 வருடம்.

நௌக்ரி வேலைத் தளத்தில் ஆள் தேடுபவர்கள் அனுபவ வருடத்தை வைத்து வடிகட்டலாம். ‘8 முதல் 12 வருடம்’ என்று போட்டால் என்னைப் போன்றவர்கள் கண்ணிலேயே படமாட்டோம். அதனால் எனக்கு வந்த நல்ல அழைப்புகள் எல்லாம் ஆடிட்டர் அலுவலகங்கள் வழியாகத்தான் வந்தன. வருடத்துக்கு ஒருமுறை நம் கணக்கைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு நம் வேலை தெரியும், வயதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ரெஸ்யூமேயில் கடைசிப் பத்து வருடத்தை மட்டும் விரிவாக எழுதினேன். அதற்கு முந்தையது இரண்டே வரி. பிறந்த வருடத்தை மறைக்கச் சொன்னார்கள் சிலர். உள்ளே நுழைந்ததும் தலைமுடி சொல்லிவிடும், எதற்கு அந்த வேலை? ‘28 வருட அனுபவம்’ என்ற வரியை எடுத்துவிட்டு, நான் அண்மையில் தீர்த்த ஒரு சிக்கலை மேலே வைத்தேன். நேர்முகத்துக்கும் அதை ஒரே தாளில் அச்சடித்து, சப்ளையர் பெயர்களை அழித்துவிட்டு எடுத்துப் போனேன்.

சிக்கல் இதுதான். நாம் வாங்கிய பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள, விற்றவர் தன் ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டி, அது நம்முடைய GSTR-2B பட்டியலில் வர வேண்டும். ஒரு மாதம் 9 லட்சம் ரூபாய் வரவில்லை. மென்பொருள் எல்லா பில்லையும் ஒரே சிவப்பில் காட்டியது. பர்ச்சேஸில் இருந்த பையன் எல்லாருக்கும் பேமெண்ட்டை நிறுத்திவிடலாம் என்றான்.

நான் அதை மூன்றாகப் பிரித்தேன். 5 லட்சம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சின்னப் பட்டறைகளுடையது. அவர்கள் ஏமாற்றவில்லை, காலாண்டு முடிந்ததும் தானாக வரும். அவர்களுக்குப் பணத்தை நிறுத்தினால் அடுத்த லோடு தாமதமாகும், அவ்வளவுதான் லாபம். மாதாமாதம் பில்லை மட்டும் ஏற்றுவதற்கு IFF என்று ஒரு வசதி இருக்கிறது. 13-ஆம் தேதிக்குள் அதில் ஏற்றச் சொல்லி ஒவ்வொருவரிடமும் பேசினேன். ஒன்றரை லட்சம் நம் ஜிஎஸ்டி எண்ணைத் தப்பாக அடித்த பில்கள். சப்ளையர் அடுத்த ரிட்டர்னில் திருத்தினால் சரியாகிவிடும். மீதி இரண்டரை லட்சத்துக்குத்தான் உண்மையிலேயே ரிட்டர்ன் போடாத ஆட்கள். அவர்களுக்கு மட்டும் வரித்தொகையை நிறுத்திவைத்துவிட்டு, பொருளின் விலையைக் கொடுத்தோம். காலாண்டு முடிவில் 9 லட்சம் 2 லட்சத்துக்குக் கீழே வந்தது.

எந்தப் பட்டறை எந்த வகை என்று ஆளைத் தெரிந்தவனுக்குத்தான் சட்டென்று பிடிபடும். அனுபவம் என்று நான் விற்க வந்தது அதைத்தான்.

நேர்முகம் நடத்திய ஃபைனான்ஸ் ஹெட்டுக்கு முப்பத்தைந்து இருக்கும், சி.ஏ. தாளைப் பார்த்ததும், “இதை எக்ஸெலில் நீங்களே செய்தீர்களா சார், இல்லை யாராவது செய்து கொடுத்தார்களா?” என்றார். கேள்வி எக்ஸெலைப் பற்றியதில்லை என்று இருவருக்கும் தெரியும். லேப்டாப்பைக் கொடுங்கள் என்று வாங்கி, அவர்களுடைய ஒரு மாதக் கொள்முதல் பட்டியலையும் 2B-யையும் XLOOKUP போட்டு அவர் கண்ணெதிரே ஒப்பிட்டேன். வராத பில்களில் நாலைந்தைக் காட்டி, இவர் காலாண்டு ஆளா என்று விசாரியுங்கள் என்றேன். அதன்பிறகு பேச்சே வேறு மாதிரி போனது.

அப்புறம், “என்னிடம் ரிப்போர்ட் பண்ண சங்கடமாக இருக்காதா?” என்று நேராகவே கேட்டார். வயது ஒரு பொருட்டே இல்லை என்கிற மாதிரி பதில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். “முந்தைய இடத்திலும் என் மேலதிகாரி என்னைவிடச் சின்னவர்தான். எனக்கு ஒப்பாத விஷயத்தைக் கணக்கை மூடுவதற்கு முன்னால் ஒருமுறை மெயிலில் எழுதிவிடுவேன். முடிவு அவருடையது, வெளியே நான் வேறு பேசமாட்டேன்” என்றேன். அப்படி எழுதிய ஒரு சந்தர்ப்பத்தையும் சொன்னேன். அதில் அந்தப் பழைய மேலதிகாரி சொன்னதுதான் கடைசியில் சரியாக இருந்தது. நான் சரியாக இருந்த கதையைச் சொல்லியிருந்தால் இவர் பயம் கூடியிருக்கும்.

சம்பளம்தான் கடைசி முடிச்சு. பழைய சம்பளத்தைக் கேட்டால் எட்டவில்லை என்பார்கள், ரொம்பக் குறைத்தால் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். கொஞ்சம் குறைத்துச் சொல்லி, ஆறு மாதம் கழித்துப் பார்த்துக் கூட்டுங்கள், அதை ஆஃபர் லெட்டரில் எழுதிக்கொடுங்கள் என்று கேட்டேன். எழுதிக்கொடுத்தார்கள்.

இன்னொரு கம்பெனியில் இதே தாளை நீட்டியபோது ஹெச்.ஆர். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “எங்கள் டீம் ரொம்ப யங் சார்” என்றார். அங்கே வாதாடிப் பயனில்லை, காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.