துண்டுச் சீட்டும் தேநீர்க் கோப்பையும்

1784இல் பிரிட்டன் தேயிலை மீதான வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைத்தபோது, செல்வர்கள் பூட்டிவைத்துப் பருகிய தேநீர் எளியோருக்கும் எட்டத் தொடங்கியது. கரீபியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் விளைவித்த சர்க்கரையும் மலிந்துவந்தது. 1874இல் சர்க்கரை வரி அறவே நீக்கப்பட்டபோது, ரொட்டியும் இனிப்புத் தேநீரும் ஆலைத் தொழிலாளர் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், ஒரு வேளை உணவாகவே ஆகியிருந்தன. அது வயிற்றுக்குச் சூடும் உடலுக்குச் சிறிது ஆற்றலும் தந்தது, சத்து தரவில்லை.

அந்தத் தேவைக்கு ஈடுகொடுத்த இடங்களுள் ஒன்று இலங்கை மலையகம். 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழித்தபின், அங்கே தேயிலை நடப்பட்டது. கொழுந்து பறிக்கத் தமிழகக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. அக்கடன் 'துண்டு' என்னும் சீட்டில் எழுதப்பட்டது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அந்தத் தோட்டம் அத்தொகையைச் செலுத்த வேண்டும். கடனோடு மனிதரும் கைமாறினர் என்றே இதைச் சொல்ல வேண்டும். 1921இல்தான் சட்டம் இம்முறையை ஒழித்தது.