ஏழு மணி ஷிஃப்ட்டும் அரை மாத்திரை மெலடோனினும்

கம்பெனி வேலையாக மான்செஸ்டரில் சில மாதங்கள் இருந்துவிட்டு ஜூலையில் தண்டையார்பேட்டைக்குத் திரும்பினேன். கோடையில் அந்த ஊர் நேரம் நமக்கு நாலரை மணி பின்னால் இருக்கும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும். ஆனால் எனக்கு எண்ணூரில் காலை ஏழு மணி ஷிஃப்ட். ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால் உடம்புக்கு அது நடுராத்திரி ஒன்றரை. எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நேரம் மாறிய ஊருக்குப் போனால் தூக்கம் குழம்பும் இந்த ஜெட் லேக்குக்கு மெலடோனின் போடலாமா என்று, கிளம்புவதற்கு முன்பே எங்கள் குடும்ப டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டேன்.

உடன் வேலை பார்த்த ஒருவர் அமெரிக்காவில் வாங்கிய டப்பா ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார். ஜெல்லி மிட்டாய் மாதிரி இருக்கும், ஒன்றில் 10 மில்லிகிராம் மெலடோனின் என்று லேபிளில் போட்டிருந்தது. டாக்டர் அதைத் தொடவே வேண்டாம் என்றார். 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் இந்த வகை ஜெல்லிகள் 25-ஐச் சோதித்தபோது 22-இல் லேபிள் அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லையாம். ஒன்றில் மூன்று மடங்குக்கும் மேல் இருந்திருக்கிறது. தவிர, ஜெட் லேக்குக்கு அரை மில்லிகிராமிலிருந்து 5 வரை எல்லா அளவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. 5 எடுத்தால் கொஞ்சம் சீக்கிரம் தூக்கம் வரும், அவ்வளவுதான். அதற்கு மேல் போவதால் பலன் கூடுவதில்லை. எனக்கு எழுதிக்கொடுத்தது சாதாரண 3 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. மெதுவாகக் கரையும் வகையை வாங்கிவிடாதே, அதை உடைக்கவும் கூடாது என்று தனியாகச் சொன்னார்.

அளவை விட நேரத்தைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார். மெலடோனின் ஆளை அடித்துப்போடும் தூக்க மாத்திரை இல்லை. இருட்டிவிட்டது என்று மூளைக்குப் போகும் தகவல் அது. சென்னை நேரம் இரவு பத்து மணிக்குப் போட்டால், மாலை ஐந்தரை என்று நினைத்துக்கொண்டிருக்கும் உடம்பிடம் "ராத்திரி ஆகிவிட்டது" என்று சொல்வதாக அர்த்தம். உடம்பின் கடிகாரம் அதைக் கேட்டு முன்னால் நகரும். தூக்கம் வரவில்லையே என்று இரண்டு மணிக்கு எழுந்து போட்டால் மறுநாள் காலை மந்தம்தான் மிஞ்சும். பத்து மணியைத் தவறவிட்டால் அன்றைக்கு விட்டுவிடு என்றார்.

நான் எதிர்பார்க்காதது வெயில் விஷயம். வந்த மறுநாளே அம்மா, "விடியக்காலைல காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கிட்டு வாடா, கடல் காத்து பட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார். ஆனால் உடம்புக்கு அப்போது நள்ளிரவு தாண்டிய நேரம். அந்த நேரத்து வெளிச்சம் கடிகாரத்தைத் தப்பான பக்கம், பின்னால், தள்ளும். வெளிச்சம் கடிகாரத்தைச் சரியான பக்கம், முன்னால், தள்ளத் தொடங்கும் புள்ளி என் கணக்கில் சென்னை நேரம் காலை ஒன்பது வாக்கில் இருந்தது. ஒன்பது வரை ஜன்னல் திரையை மூடிவைத்தேன். அதற்கப்புறம் மொட்டை மாடியில் நன்றாக வெயில் காய்ந்தேன். இந்தப் புள்ளி நாளுக்கு ஒரு மணி நேரம் போல முன்னால் வரும் என்பதால் திரையைத் திறக்கும் நேரத்தையும் அப்படியே குறைத்துக்கொண்டே வந்தேன். மீன் வாங்க அண்ணன் போனான்.

லீவு முடிந்து வேலைக்குப் போனபோதும் காலையில் அசதி இருந்தது. மாத்திரையா, ஜெட் லேக்கா? சாதாரண மெலடோனின் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பாதியாகக் குறையும். பத்து மணிக்குப் போட்ட அரை மாத்திரை காலை ஆறுக்குப் பெரும்பாலும் போயிருக்க வேண்டும். ஆனால் சிலருக்கு அது மெதுவாகத்தான் கழியும். அதனால் ஒரு ராத்திரி போடாமல் பார்த்தேன். மறுநாளும் அதே அசதி, பதினோரு மணிக்கு மேல் தானாகவே விலகியது. மாத்திரைதான் காரணம் என்றால், போட்ட மறுநாள் தலை கனத்து, போடாத மறுநாள் தெளிவாக இருந்திருக்கும். அப்படி இருந்தால் இன்னும் பாதியாகக் குறைக்க வேண்டும். எனக்கு அது தேவைப்படவில்லை. எதுவானாலும் அசதி போகும்வரை பைக்கை வீட்டிலேயே நிறுத்திவிட்டு கும்மிடிப்பூண்டி லோக்கலில்தான் போய்வந்தேன். சளிக்குப் போடும் செட்ரிசினையும் அந்த நாட்களில் தவிர்த்தேன், இரண்டும் சேர்ந்தால் தூக்கக் கலக்கம் கூடும்.

உடம்பு சென்னை நேரத்துக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டேன். மிச்ச அட்டையைப் பார்த்த அம்மா, "எனக்கும்தான் தூக்கமே வர்றதில்ல, ஒண்ணு குடேன்" என்றார். அவர் இதய வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர். மெலடோனின் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். வலிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. அம்மாவின் தூக்கத்துக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க அதே டாக்டரிடம் அழைத்துப்போனேன். அட்டையை என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.