கெர்கின் ஒப்பந்தத்தில் 'தள்ளுபடி' என்றால் என்ன? வாசித்துச் சொன்ன அனுபவம்

குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஓர் ஏக்கரில் கெர்கின் என்ற ஊறுகாய் வெள்ளரி போடவிருந்த விவசாயி ஒருவருக்கு ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. வாங்குகிறவர் ஐரோப்பாவில். நடுவில், காயை உப்புநீரிலோ வினிகரிலோ ஊறப்போட்டு டிரம்மில் அனுப்பும் ஆலை. மூலம் ஆங்கிலத்தில். கூடவே ஆலை தந்த தமிழாக்கம். சிக்கல் அந்தத் தமிழாக்கத்தில்தான் தொடங்கியது.

"தரமற்ற காய் தள்ளுபடி செய்யப்படும்" என்று ஒரு வரி.

"தள்ளுபடின்னா விலையில கொஞ்சம் கழிச்சுக்குவாங்க, அவ்வளவுதானுங்களே?" என்றார்.

மூலம் சொன்னது அதையல்ல. காயை எடுத்துக்கொள்ளவே மாட்டோம், அதற்குப் பணமும் இல்லை என்பதுதான் பொருள். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, "ஏற்க மாட்டோம், பணம் இல்லை" என்று பச்சையாக எழுதினோம். அதேபோல "நிறுவனம் வாங்கலாம்" என்று இருந்தது. வாங்கியே ஆக வேண்டும் என்ற கடமை மூலத்தில் இருக்க, தமிழில் அது விருப்பமாக மாறிவிட்டது. இரண்டு பிரதியில் எது செல்லும் என்ற வரியையும் தேடிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலம்தான் செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

கத்தரியோ வெண்டையோ கழிந்தால் பண்ருட்டி மார்க்கெட்டில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம். கெர்கினுக்கு உள்ளூரில் கேட்பாரில்லை. ஆகவே கழிவு விதிதான் இந்த ஒப்பந்தத்தின் உயிர்.

தரம் என்பது இங்கே கிலோவுக்கு எத்தனை காய் என்ற எண்ணிக்கை. இந்த ஒப்பந்தத்தில் கிலோவுக்கு 160-க்கு மேல் வந்தால் முதல் தரம், 60 முதல் 160 வரை இரண்டாவது, 30 முதல் 60 வரை மூன்றாவது. அதற்கும் பருத்தது, வளைந்தது, நுனி சூம்பியது எல்லாம் கழிவு. பிஞ்சுக்குத்தான் பணம். விளக்க வசதிக்காக விலையை 40, 25, 12 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினோம். ஒரு நாள் பறிப்பில் 100 கிலோ. அதில் முதல் தரம் 20, இரண்டாவது 45, மூன்றாவது 25, கழிவு 10 கிலோ. மொத்தம் 2,225 ரூபாய். ஆள் வராமல் ஒரு நாள் பறிப்பு தவறினால் காய் பருத்து 130 கிலோ ஆகிறது என்று வைப்போம். முதல் தரம் 5, இரண்டாவது 25, மூன்றாவது 60, கழிவு 40. கைக்கு வருவது 1,545 ரூபாய். எடை 30 கிலோ கூடுகிறது, பணம் 680 குறைகிறது. தினமும் பறிக்க ஆள் உண்டா என்பதை முன்பணம் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டியது இதனால்தான்.

அடுத்த கேள்வி, தரம் எங்கே பிரிக்கப்படுகிறது? ஊர்க் கொள்முதல் மையத்தில் எடை போட்டு, மறுநாள் ஆலையில் இயந்திரம் விட்டத்தை வைத்துப் பிரித்தால், இரண்டு கணக்கும் ஒத்துவராது. காய் வெயிலில் வாடி எடையும் இறங்கும். மூட்டையிலிருந்து ஒரு கிலோ எடுத்து விவசாயி முன்னிலையில் எண்ணி, தரவாரியான எடையோடு அன்றே சீட்டுத் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னோம். ஆலைக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

கடினமானது பூச்சிமருந்து எச்சம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி வரம்பு நிர்ணயிக்கப்படாத மருந்துக்குப் பொதுவாக கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி. குளோர்பைரிபாஸுக்கு 2020-லேயே அங்கே அனுமதி முடிந்துவிட்டது. பக்கத்து வயலில் அடித்தது காற்றில் வந்தாலும் சோதனையில் தெரியும். மூல வாசகப்படி, சரக்கு அங்கே போய் நிராகரிக்கப்பட்டாலும் இழப்பை விவசாயியிடம் பிடிக்கலாம். ஆனால் ஒரே டிரம்மில் பல பேர் காய் கலந்திருக்கும். யாருடைய காய் என்று எப்படிச் சொல்வது? எனவே ஒவ்வொருவர் காய்க்கும் தனி எண் போட்டு, ஆலை வாசலிலேயே மாதிரி எடுத்து, பாதியை முத்திரையிட்டு வைக்க வேண்டும். ஆலை ஏற்றுச் சீட்டுக் கொடுத்த பிறகு விவசாயி பொறுப்பில்லை என்று கேட்டோம். தனி எண்ணுக்கும் மாதிரிக்கும் சரி என்றார்கள். பொறுப்பு முழுவதும் தீர்வதற்குச் சம்மதிக்கவில்லை. அவருடைய எண்ணிட்ட மாதிரியிலேயே எச்சம் தெரிந்தால் மட்டும், அந்தக் காயின் விலை அளவுக்கே பிடித்தம் என்று முடிந்தது. விதை, உர முன்பணம் அதற்குள் அடங்காது. அது தனியாகக் கழியும். மருந்து அடித்த தேதி, பெயர், அளவு எழுதும் நோட்டை அவர் அன்றே வாங்கினார்.

தமிழ்நாட்டில் 2019-இல் வந்த ஒப்பந்தப் பண்ணையச் சட்டப்படி இதைப் பதிவு செய்ய வேண்டும். பாகூர் பக்கம் நிலம் இருப்பவர்கள் கவனிக்க: வரப்பைத் தாண்டினால் புதுச்சேரி, அங்கே இந்தச் சட்டம் செல்லாது. எனவே தகராறை யார், எந்த ஊரில் தீர்ப்பது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.