அப்பாவுக்கு நிறுத்தப்பட்ட ஸ்டீராய்டு, மகளுக்கு நிறுத்தக்கூடாத ஸ்டீராய்டு

தேவிபட்டினத்தை ஒட்டிய எங்கள் கடலோர ஊரில் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டவர். மூட்டத்தில் மண் விரிந்து காற்று புகுந்துவிட்டால் விறகு எரிந்து சாம்பலாகிவிடும் என்பதால், விரிசல் விடும் இடங்களை அடைத்துக்கொண்டு இரவெல்லாம் அந்தப் புகைக்குள்ளேயே இருப்பார். கண் விழிக்கத் துணைக்குப் பீடியும் உண்டு. அறுபதைத் தாண்டியபோது இளைப்பு வந்தது. முதலில் பார்த்த மருத்துவர் ஆஸ்துமா என்று சொல்லி, ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு 500 மைக்ரோகிராமும் சால்மெட்ரால் என்ற நீண்டநேர விரிப்பான் 50 மைக்ரோகிராமும் சேர்ந்த கேப்சூலைக் கருவியில் போட்டுக் காலையும் இரவும் மூச்சோடு இழுக்கச் சொன்னார். மூன்று ஆண்டுகள் அதையே இழுத்தார். ஊதிப் பார்க்கும் பரிசோதனையை யாரும் செய்யவில்லை, செய்ய வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியாது.

அந்த மூன்று ஆண்டுகளில் அப்பாவுக்கு இரண்டு முறை நிமோனியா வந்தது. இரண்டாவது முறை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான் மதுரையில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் அப்பாவின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, உள்கன்னத்தில் தயிர்த் திட்டுப் போல் ஒட்டியிருந்த வெள்ளைப் பூஞ்சைப் படிவத்தைக் காட்டி, "மருந்தை இழுத்ததும் வாய் கொப்பளிக்கிறீர்களா, ஐயா?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அடுத்து ஸ்பைரோமெட்ரி. மூக்கைக் கிளிப்பால் அடைத்து, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே மூச்சில் வேகமாக ஊதி, ஆறு நொடிக்குக் குறையாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நொடியில் 1.18 லிட்டரும் மொத்தம் 2.40 லிட்டரும் வெளியேறின. மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சால்பூட்டமால் 400 மைக்ரோகிராம் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதவைத்தபோது அவை 1.26 ஆகவும் 2.44 ஆகவும் இருந்தன. மருந்துக்குப் பிறகும் முதல் நொடி அளவு மொத்தத்தில் 0.7 பங்குக்குக் கீழே இருந்தால் அது நிலையான அடைப்பு. அப்பாவுக்கு அது 0.52. மருந்தால் கூடியது 80 மில்லிலிட்டர்தான். சிறுவயதில் இளைப்பு, மூக்கரிப்பு, தும்மல், ஒருநாள் நன்றாகவும் மறுநாள் மோசமாகவும் இருப்பது என்று ஆஸ்துமாவுக்கான அடையாளங்களை மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவுமே இல்லை. இது ஆஸ்துமா இல்லை, புகையால் வந்த நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி. என்றார்.

பெயர் மாறியதால் என்ன மாறும் என்று கேட்டேன். இரண்டிலும் மூச்சுக்குழாய் சுருங்குகிறது. ஆனால் ஆஸ்துமாவில் சுருக்கத்துக்கு அடியில் இருக்கும் வீக்கம் பெரும்பாலும் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் வகையாக இருப்பதால் அங்கே ஸ்டீராய்டுதான் அடித்தளம், குழாய் விரிக்கும் மருந்து அதற்குத் துணை. சி.ஓ.பி.டி.யில் இது தலைகீழ். குழாய் சிதைந்து குறுகியதும் காற்றறைகள் தளர்ந்ததும் ஸ்டீராய்டால் திரும்பாது. நரம்பின் தூண்டலால் குழாய்த் தசை இறுகியிருக்கும் பகுதியை மட்டும் தளர்த்த முடியும் என்பதால், அங்கே நீண்டநேரம் வேலை செய்யும் விரிப்பான்களே அடித்தளம். அடிக்கடி நோய் முற்றி விழுபவர்களில், ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளணு கூடுதலாக இருந்தால் மட்டும் ஸ்டீராய்டு அதன் மேல் சேர்க்கப்படுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அந்த அணு 300 அல்லது அதற்கு மேல் இருந்தால் பலன் தெளிவு, 100-க்குக் கீழே இருந்தால் பலன் அரிது, நிமோனியா ஆபத்து மட்டும் மிஞ்சும்.

மருத்துவமனையில் எடுத்த ரத்த அறிக்கையை நீட்டினேன், அதில் இயோசினோஃபில் பூஜ்யம் என்றிருந்தது. அதை அவர் ஏற்கவில்லை. அப்போது அப்பா பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் இருந்தார், அந்த மாத்திரை இந்த அணுவை அழுத்திவிடும். மாத்திரை முடிந்து நான்கு வாரம் கழித்து ராமநாதபுரத்தில் மறுபடி எடுத்தோம்: மொத்த வெள்ளணு 7,800, அதில் இயோசினோஃபில் 1 சதவீதம், அதாவது 78. அறிக்கையில் சதவீதம் மட்டுமே இருந்தது, பெருக்கிப் பார்க்க வேண்டியது நம் வேலை.

ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தவில்லை. முதலில் தினம் காலையில் டியோட்ரோபியம் என்ற நீண்டநேர விரிப்பான் 18 மைக்ரோகிராம் சேர்த்தார். பிறகு பழைய கேப்சூலை 500-லிருந்து 250-க்கும், ஆறு வாரம் கழித்து 100-க்கும் இறக்கி, இன்னும் ஆறு வாரம் கழித்து நிறுத்தினார். அதன் இடத்தில் டியோட்ரோபியமும் ஃபார்மோடெரால் என்ற இன்னொரு நீண்டநேர விரிப்பானும் சேர்ந்த ஒரே கேப்சூல் வந்தது. இடையில் சளி கூடினாலோ நிறம் மாறினாலோ உடனே வரச் சொல்லியிருந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

சிரமம் கருவியில்தான் வந்தது. முதல் வாரம் மருத்துவர் சொன்னது புரியாமல் அப்பா புதிய கேப்சூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து, காலி ஓடுகள் ஏன் குப்பையில் இல்லை என்று அம்மா கேட்டபோதுதான் தெரிந்தது. அடுத்த தவறு என்னுடையது: வசதிக்காக ஒரு வாரத்துக்கான கேப்சூல்களைப் பட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைத்தேன். எங்கள் ஊர்க் காற்றின் ஈரத்தில் பொடி கட்டிப்பட்டு, இழுத்த பிறகும் பாதிப் பொடி ஓட்டிலேயே ஒட்டியிருந்தது. கருவிக்குள் ஊதினாலும் இதே கதைதான். இப்போது பயன்படுத்தும் நேரத்தில்தான் பிரிக்கிறோம், மூச்சை வெளியே விட்ட பிறகே கருவியை வாயில் வைக்கிறார், இழுத்தபின் ஓடு காலியா என்று வெளிச்சத்தில் பார்க்கிறார். டியோட்ரோபியத்தால் வாய் உலர்ந்தது, தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கிறது. சிறுநீர் தயங்கி வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றும் மருத்துவர் எச்சரித்திருந்தார், அப்பாவின் வயதில் புராஸ்டேட் வீங்கியிருக்க வாய்ப்பு உண்டு என்பதால்.

எதிர்பாராத ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தது. பத்தொன்பது வயதான என் மகளுக்குச் சிறுவயது முதல் ஆஸ்துமா. தாத்தாவுக்கு ஸ்டீராய்டு நிறுத்தப்பட்டதைக் கேட்டு, "எனக்கும் அது வேண்டாம், தாத்தாவின் கேப்சூலையே போட்டுக்கொள்கிறேனே அப்பா" என்றாள். நானும் அரைமனதாகச் சரியென்று சொல்லியிருப்பேன். நல்லவேளை, மருத்துவரிடம் கேட்கத் தோன்றியது. ஆஸ்துமாவில் ஸ்டீராய்டு இல்லாமல் நீண்டநேர விரிப்பானை மட்டும் எடுத்தால் குழாய் திறந்திருப்பதால் நலமாக இருப்பதுபோல் தோன்றும், அடியில் வீக்கம் வளர்ந்துகொண்டே போகும், எச்சரிக்கையே இல்லாமல் ஒரு இரவு மூச்சு முட்டும் என்று அவர் கடுமையாகச் சொன்னார். அமெரிக்காவில் ஆஸ்துமாக்காரர்களுக்கு வழக்கமான மருந்தோடு சால்மெட்ரால் சேர்த்துப் பார்த்த ஆய்வொன்று 2006-ல் வெளியானது. ஒவ்வொரு பக்கத்திலும் பதின்மூவாயிரம் பேர் போல இருந்தும், ஆஸ்துமாவால் இறந்தவர்கள் சால்மெட்ரால் பக்கம் 13 பேர், மறுபக்கம் 3 பேர் என்றார். சி.ஓ.பி.டி.யில் அப்பா அதே வகை மருந்தை ஸ்டீராய்டு இல்லாமல் எடுக்கலாம், மகள் எடுக்கக்கூடாது. இரண்டு மருந்துகளும் இப்போது வேறு வேறு அலமாரிகளில் இருக்கின்றன.

ஓராண்டு கழித்து ஊதிப் பார்த்தபோது மருந்துக்குப் பிறகான அப்பாவின் முதல் நொடி அளவு 1.24 லிட்டர், முன்பிருந்த 1.26-ஐ விடக் கூடவில்லை. படகுத்துறைக்கு நடக்கும்போது மூன்று இடத்தில் நின்றவர் இப்போது ஒரு இடத்தில்தான் நிற்கிறார். அந்த ஆண்டில் நிமோனியா வரவில்லை. பீடியை விட்டது எவ்வளவு, மருந்து மாறியது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் திடீர் இளைப்புக்குச் சால்பூட்டமால் இன்னும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது, ஏனென்றால் காலை கேப்சூல் அந்த நேரத்து அவசரத்துக்கு உதவாது. மறுபடி அடிக்கடி முற்றினால் இயோசினோஃபிலை மீண்டும் எண்ணிப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்டீராய்டைத் திரும்பச் சேர்ப்போம் என்று மருத்துவர் சீட்டின் ஓரத்தில் எழுதித் தந்திருக்கிறார்.