பூட்டைத் தொட்டானா, தொடவில்லையா: திருட்டு வினாக்களில் ஆயத்தத்தையும் முயற்சியையும் பிரிப்பது

குற்றவியல் தாளில் திருட்டுத் திட்டம் பற்றிய கேள்வி வந்தால் பெரும்பாலான விடைகள் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: எண்ணம், ஆயத்தம், முயற்சி, நிறைவு என்று நான்கு படிகள். அதற்கு ஒரு பக்கம் போய்விடுகிறது. கேள்வியில் வரும் ஆள் என்ன செய்தான் என்பதற்குக் கடைசியில் இரண்டு வரிதான் மிஞ்சுகிறது. மதிப்பெண் இருப்பதோ அந்த இரண்டு வரியில்.

நாங்கள் இப்போது கடைப்பிடிக்கும் முறையில் முதல் வேலை, கேள்வியிலுள்ள வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுவது. போனான், வாங்கினான், நிறுத்தினான், அறுத்தான், எடுத்தான். ‘எப்படியும் திருடியே தீருவது என்ற உறுதியோடு’ என்பது போன்ற சொற்கள் வந்தால் அவற்றை அடைப்புக்குள் போட்டுவிடுகிறோம். கேள்வி எழுதுபவர் அவற்றை வேண்டுமென்றே வைக்கிறார். திருடும் எண்ணம் ஆயத்தத்திலும் இருக்கும், முயற்சியிலும் இருக்கும். இரண்டிலும் இருப்பதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பிரித்துக்காட்டுவது கடைசி வினைச்சொல்.

இரண்டாவது வேலை பலருக்கு விசித்திரமாகத் தெரியும். கீழிருந்து மேலே போகாமல், மேலிருந்து கீழே வருகிறோம். அதாவது, திருட்டு எங்கே முடிகிறது என்பதை முதலில் குறித்துவிடுகிறோம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவும் இப்போதைய பாரதிய நியாய சம்ஹிதாவின் 303ஆம் பிரிவும் சொல்வது ஒன்றே. பிறர் வசமுள்ள அசையும் பொருளை அவர் சம்மதமின்றி நேர்மையற்று எடுக்கும் கருத்தோடு நகர்த்தினாலே திருட்டு முடிந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை, வாசலைத் தாண்ட வேண்டியதுகூட இல்லை. பிறருடைய நாய்க்குத் தீனி காட்டி இழுத்துப்போகும் எடுத்துக்காட்டு சட்டத்திலேயே இருக்கிறது: நாய் பின்தொடரத் தொடங்கியதுமே திருட்டு நிறைவேறிவிடுகிறது. இந்த மேல் எல்லையைக் குறிக்காமல் போகிறவர்கள்தான் நிறைவேறிய திருட்டை முயற்சி என்று எழுதிவிடுகிறார்கள்.

இனி ஒரு கணக்கு. குமார் ஓர் அடகுக்கடையில் திருடத் திட்டமிடுகிறான். திங்களன்று மோதிரம் அடகு வைப்பவன்போல் உள்ளே போய் ஷட்டர் பூட்டைப் பார்த்துவைக்கிறான். செவ்வாயன்று கேஸ் கட்டர் வாங்குகிறான். புதன் இரவு ஒரு மணிக்கு வாடகை வேனைக் கடைக்கு ஐம்பது மீட்டர் தள்ளி, சந்தில் நிறுத்துகிறான். கட்டரும் சாக்குப் பையும் வேனில் இருக்கின்றன. ரோந்துக் காவலர் பிடித்துவிடுகிறார். குமார் திட்டம் முழுவதையும் ஒப்புக்கொள்கிறான்.

கடைசி வினைச்சொல் ‘நிறுத்தினான்’. இங்கே கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த இடத்தில் அவன் மனம் மாறித் திரும்பியிருந்தால், அதுவரை செய்தது யாருக்கும் தீங்கில்லாததாக நின்றிருக்குமா? 1968இல் மல்கியத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் பார்த்தது. உரிமமின்றி பஞ்சாபிலிருந்து டெல்லிக்கு நெல் ஏற்றிச் சென்ற லாரி சமால்காவில் பிடிபட்டது. மாநில எல்லைக்கு இன்னும் பதினான்கு மைல் இருந்தது. அந்தத் தூரத்துக்குள் அவர்கள் எண்ணத்தைக் கைவிட்டிருக்கலாம் என்று சொல்லி, நீதிமன்றம் அதை ஆயத்தமாகவே கொண்டது. குமார் இன்னும் கடையைத் தொடவில்லை, யாருடைய பொருளையும் நெருங்கவில்லை. எனவே ஆயத்தம். போலீஸிடம் தந்த ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது வேறு விஷயம். நிரூபித்தாலும் அது காட்டுவது எண்ணத்தைத்தான்.

ஆனால் விடையை இங்கே மூடிவிட்டால் பாதி மதிப்பெண்தான். எதிர்வாதமும் வலுவானது. 1980இல் முகமது யாகூப் வழக்கில், நாட்டுக்கு வெளியே கடத்துவதற்காக வெள்ளிப் பாளங்களோடு வந்த லாரி பம்பாய்க்கு அருகே காமன் கழிமுகப் பாலத்தில் நின்றது. சில பாளங்கள் இறக்கப்பட்டிருந்தன, நீரிலிருந்து விசைப்படகின் சத்தம் கேட்டது. சரக்கு இன்னும் படகில் ஏறவில்லை. ஆனாலும் அது முயற்சி என்றது நீதிமன்றம். இந்தியாவில் நெருக்கம் என்பதை மீட்டரில் மட்டும் அளப்பதில்லை. செயல் மற்றச் சூழ்நிலைகளோடு சேர்ந்து அந்தக் குற்றத்தைச் செய்யும் கருத்தைப் போதிய உறுதியோடு காட்டுகிறதா என்றும் பார்க்கிறார்கள். அரசுத் தரப்பு குமாருக்கு எதிராக இதைத்தான் சொல்லும். எங்கள் பார்வையில் அது போதாது. யாகூப் வழக்கில் பாளங்களை இறக்கும் செயல் தொடங்கிவிட்டது. குமார் வேனை நிறுத்தியதோடு சரி. இந்த வேறுபாட்டை ஒரு வாக்கியத்தில் எழுதினால் போதும்.

இப்போது கதையை ஒவ்வொரு அடியாக நகர்த்திப் பாருங்கள். குமார் கட்டரால் பூட்டை அறுக்கத் தொடங்கியதும் பிடிபடுகிறான்: முயற்சி. அறுக்க இன்னும் பாதி இருக்கிறது, பெட்டகத்தைத் திறக்க வேண்டும் என்பதெல்லாம் அவனைக் காப்பாற்றாது. குற்றத்துக்கு முந்தைய கடைசிச் செயலாக இருக்க வேண்டியதில்லை என்று 1961இல் அபயானந்த மிஸ்ரா வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. பாதி அறுத்தபின் பயந்து தானாகவே திரும்பிப் போனாலும் முயற்சி முடிந்த கதைதான். மனமாற்றம் தண்டனை அளவைக் குறைக்க உதவலாம், குற்றத்தை அழிக்காது.

அடுத்து, உள்ளே போய்ப் பெட்டகத்தைத் திறக்கிறான், காலியாக இருக்கிறது. ‘திருட ஒன்றுமில்லை, எனவே குற்றமில்லை’ என்று எழுதுகிறவர்கள் இன்றும் நிறையப் பேர். முயற்சிப் பிரிவின் இரண்டு எடுத்துக்காட்டுகளும் இதற்காகவே இருக்கின்றன. நகைப்பெட்டியை உடைத்துத் திறந்தால் நகை இல்லை. சட்டைப்பைக்குள் கைவிட்டால் பை காலி. இரண்டுமே முயற்சி. பழைய 511, புதிய 62 இரண்டிலும் இவை உண்டு.

கடைசியாக, பெட்டகத்திலிருந்து நகைப் பொட்டலத்தைத் தூக்குகிறான், சத்தம் கேட்டு அங்கேயே போட்டுவிட்டு ஓடுகிறான். வெறுங்கையோடு போனதால் முயற்சி என்று தோன்றும். பொருள் நகர்ந்துவிட்டது, எனவே இது முழுத் திருட்டு.

தண்டனையும் கேட்டிருந்தால், பொருள் வைத்துக் காக்கப்படும் கட்டடம் என்பதால் 305ஆம் பிரிவு வரும். அதிகபட்சம் ஏழு ஆண்டு, முயற்சிக்கு அதில் பாதி, மூன்றரை ஆண்டு. சாதாரணத் திருட்டுக்கான மூன்று ஆண்டை எடுத்து ஒன்றரை என்று கணக்கிடுவது அடிக்கடி வரும் தவறு. 2024 ஜூலை 1க்கு முன் நடந்த சம்பவமானால் பழைய சட்டத்தின் எண்களைத்தான் எழுத வேண்டும். கேள்வியில் தேதி கொடுத்திருந்தால் அது சும்மா கொடுத்ததல்ல.

ஆயத்தம் என்று முடிவானால் விடுதலை என்று எழுதிப் பேனாவை மூடுவதற்கு முன் ஆட்களை எண்ணுங்கள். இருவர் சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கூட்டுச்சதி தனிக் குற்றம். ஐந்து பேர் ஆயுதத்தோடு காவலாளியை மிரட்டிப் பறிக்கக் கிளம்பியிருந்தால் அது கூட்டுக்கொள்ளைக்கான ஆயத்தம். ஆயத்தத்தையே தண்டிக்கும் அரிய இடங்களில் அது ஒன்று, 310ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவில் பத்து ஆண்டு வரை கடுங்காவல். அதே சந்து, அதே வேன், அதே நேரம். உள்ளே ஐந்து பேர் இருந்து, கையில் கட்டருக்குப் பதில் அரிவாள் இருந்தால் விடை முழுவதும் மாறிவிடுகிறது.