ஏ மேத்ஸுக்கு முன்னால் வந்த சண்டை

என் தங்கையும் அவள் தோழியும் உயர்நிலை நான்கில் ஓ லெவல் ஏ மேத்ஸுக்குச் சேர்ந்தே படித்தார்கள். தோ பாயோ நூலகம், அங்கே இடம் கிடைக்காவிட்டால் எங்கள் புளோக் கீழே இருக்கும் கல்மேசை. டென் இயர் சீரிஸை நடுவில் விரித்து ஒரே கணக்கை இருவரும் போடுவார்கள். தங்கைக்குக் கை வேகம். தோழி இரண்டாவது வரியில் நிற்கும்போதே அடுத்த வரியைச் சொல்லிவிடுவாள், தோழியும் தலையாட்டி எழுதிக்கொள்வாள்.

பிரிலிம் தாள் வந்தபோது தோழி தேறவில்லை. "நீ எனக்குச் சொல்லிக்கொடுக்கலடி, விடையைத்தான் சொன்னே" என்றாள். "உனக்காக என் நேரம்தான் போச்சு" என்று தங்கையும் திருப்பிக் கொடுத்தாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

தோழி சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது. அடுத்தவர் போடும் வரியைப் பின்தொடர்வது வேறு, அந்த வரியை நாமே கண்டுபிடிப்பது வேறு. நேற்றுச் சேர்ந்து போட்ட கணக்கை இன்று வெள்ளைத்தாளில் தனியாகத் தொடங்கிப் பாருங்கள், முதல் வரியே வரவில்லை என்றால் நேற்று நீங்கள் படிக்கவில்லை.

சில நாள் கழித்து ஓர் இரவு, தோழியிடமிருந்து ஒரு கணக்கின் படம் மட்டும் வந்தது:

log₂x + log₂(x − 2) = 3

x(x − 2) = 8 என்று மாற்றி, x = 4, x = −2 என இரண்டு விடையும் எழுதியிருந்தாள். விடைப் பக்கத்தில் 4 மட்டும்தான் இருந்தது, ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. தங்கை காரணத்தைத் தட்டச்சு செய்துவிட்டு, அனுப்பாமல் அழித்தாள். "−2-ஐ முதல் வரியில் போட்டுப் பாரேன்" என்று மட்டும் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "எதிர்ம எண்ணுக்கு லாக் கிடையாது! அன்னைக்கு அப்படிப் பேசினதுக்கு ஸாரிடி." "நானும்தான். நாளைக்கு நூலகம் வர்றியா?"

அப்புறம் படிக்கும் முறையையே மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு தாளும் 90 மதிப்பெண், இரண்டே கால் மணி நேரம், அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். நான்கு மதிப்பெண் கணக்கென்றால் ஆறு நிமிடம் இருவரும் வாயே திறக்கக்கூடாது. பிறகு தாளை மாற்றிக்கொண்டு, தவறு தொடங்கும் வரியில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும், திருத்தக்கூடாது. புள்ளி வைத்தவர் கேள்விதான் கேட்கலாம். இதில் தங்கைக்கும் லாபம் இருந்தது: வேகத்தில் −2 போன்ற விடையைச் சும்மா அடித்துவிட்டு, ஏன் ஏற்கவில்லை என்ற காரணத்தை எழுதாமலே போவாள். அதைப் பிடித்தது தோழிதான்.

கடைசி வாரம் மட்டும் முழுத்தாளைத் தனித்தனியாக வீட்டில் எழுதினார்கள், திருத்துவதற்கு மட்டும் சந்தித்தார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் திணறும் இடத்தில் கண் தானாக அந்தப் பக்கம் போகும், தேர்வு மண்டபத்தில் அதற்கு வழியில்லையே.